பிரஷர் மாத்திரை உடம்பில் எங்கே போய் வேலை செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரைச் சீட்டோடு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே பத்துப் பன்னிரண்டு சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். இரண்டாவது கேள்வியின் பதிலை மட்டும் தாண்டிப் போய்விட வேண்டாம், பின்னால் வருபவை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. மாத்திரையை நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் உங்கள் டாக்டரின் வேலை. அவர் ஏன் அப்படி எழுதினார் என்று புரிந்துகொள்ளத்தான் இது.

பிரஷர்னா ஹார்ட் சம்பந்தப்பட்டதுதானே, டாக்டர் எதுக்குக் கிட்னி டெஸ்ட் எழுதறார்?

ரத்த அழுத்தம் நீண்ட நாள் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எவ்வளவு உப்பையும் நீரையும் உடம்பில் வைத்துக்கொள்வது, எவ்வளவை வெளியே விடுவது என்பது அதன் கையில் இருக்கிறது. இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஓய்வு நேரத்தில் சிறுநீரகங்களுக்கே போகிறது. அந்த வழியில் வரும் ரத்தத்தின் அழுத்தத்தை அவை ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கின்றன.

1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களின் சிறுநீரகத் தமனிகளைக் கவ்வியால் பாதி இறுக்கிப் பார்த்தார். நாய்களுக்கு உடம்பு முழுவதும் அழுத்தம் ஏறி, அப்படியே நின்றது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைந்ததும், உடம்பு முழுக்கவே அழுத்தம் குறைந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது, அதைச் சரிக்கட்ட எல்லாக் குழாய்களிலும் அழுத்தத்தை ஏற்றுகிறது. பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கெட்ட சிறுநீரகம் பிரஷரை ஏற்றும். அதனால்தான் சீட்டில் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் எல்லாம் சேர்ந்து வருகின்றன.

ரெனின், ஆஞ்சியோடென்சின்னு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஒண்ணும் புரியல. முதல்ல இருந்து சொல்லுங்களேன்?

சிறுநீரகத்தில் வடிகட்டிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு வடிகட்டிக்குள்ளும் ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு குழாயின் சுவரில் சில தனி செல்கள் உண்டு. ரெனின் என்ற நொதியைச் சுரப்பவை அவைதான். மூன்று சந்தர்ப்பங்களில் அவை ரெனினை ரத்தத்தில் விடும். அந்தக் குழாயில் அழுத்தம் குறையும்போது, வடிகட்டிய நீரில் உப்பு குறைவாக வரும்போது, பயம், பதற்றம், ரத்த இழப்பு போன்ற நேரங்களில் நரம்பு வழியாக உத்தரவு வரும்போது. மூன்றாவதாகச் சொன்ன நரம்பு உத்தரவு, அந்தச் செல்களில் அதை வாங்கிக்கொள்ளும் பீட்டா-1 ஏற்பி வழியாக வருகிறது. இது பின்னால் தேவைப்படும்.

கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ரெனின் அதன் நுனியில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது. அதன் பெயர் ஆஞ்சியோடென்சின் ஒன்று, அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ரத்தம் நுரையீரல் வழியாகப் போகும்போது, குழாய்களின் உட்சுவரில் இருக்கும் ஏ.சி.இ. என்ற இன்னொரு நொதி அதை மேலும் கொஞ்சம் நறுக்குகிறது. இப்போது கிடைப்பது ஆஞ்சியோடென்சின் இரண்டு. இதுதான் ஆள்.

ஆஞ்சியோடென்சின் இரண்டு ஏ.டி.-1 என்ற ஏற்பியில் போய் ஒட்டி வேலை செய்கிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, தாகத்தைத் தூண்டுகிறது, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்கிறது. ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்ப் பகுதிக்குப் போய், வெளியேற இருந்த சோடியத்தைத் திரும்ப உள்ளே இழுத்து, பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே அனுப்புகிறது. சோடியத்தோடு நீரும் சேர்ந்து தங்குகிறது. அழுத்தம் ஏறியதும் ரெனின் சுரப்பு அடங்க வேண்டும். அது சரியாக அடங்காமல் போகும்போது இந்த வரிசையை அடைக்கும் மாத்திரை உதவுகிறது.

அப்போ ஒவ்வொரு மாத்திரையும் இந்த வரிசையில எந்த இடத்தை அடைக்குது?

மேலிருந்து கீழே வருவோம். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் ரெனின் செல்லுக்கு வரும் நரம்பு உத்தரவை மறிக்கின்றன, அதனால் ரெனின் சுரப்பே குறைகிறது. இதயத் துடிப்பையும் இவை குறைக்கின்றன. பிரஷர் மட்டும் இருப்பவர்களுக்கு இப்போது முதலில் எழுதுவது குறைவு. மாரடைப்பு வந்தவர்கள், துடிப்பு வேகமாக இருப்பவர்கள் சீட்டில்தான் அதிகம் பார்க்கிறேன். அடுத்தது ரெனினின் வெட்டும் வேலையையே தடுக்கும் அலிஸ்கிரென், 2007-இல் வந்தது. நம் கவுண்டரில் அதை யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது வெட்டைத் தடுப்பவை 'ப்ரில்' என்று முடியும் மாத்திரைகள்: எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில். இவை ஏ.சி.இ. நொதியை அடைக்கின்றன. இந்த வகைக்கு வித்து பிரேசில் நாட்டின் ஜராராக்கா விரியன் பாம்பு விஷத்திலிருந்து வந்தது. அந்த விஷத்தில் ஏ.சி.இ.யைத் தடுக்கும் பொருள் இருந்ததைத் தொட்டுத்தான் கேப்டோப்ரில் உருவாகி, 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 'சார்ட்டன்' என்று முடியும் லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஓல்மிசார்ட்டன் எந்த வெட்டையும் தடுப்பதில்லை. ஆஞ்சியோடென்சின் இரண்டு வந்து ஒட்டும் ஏ.டி.-1 ஏற்பியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கின்றன. வரிசையின் கடைசியில், ஆல்டோஸ்டிரோன் ஒட்டும் ஏற்பியை அடைப்பது ஸ்பைரோனோலாக்டோன், எப்ளெரினோன்.

எந்த இடத்தில் அடைப்பு என்று தெரிந்துவிட்டால், பக்கவிளைவையும் ரத்த டெஸ்டில் என்ன மாறும் என்பதையும் பெரும்பாலும் நாமே ஊகித்துவிடலாம். கீழே வரும் பதில்கள் பலவும் அதைத்தான் செய்கின்றன.

ராமிப்ரில் போட்டதும் வறட்டு இருமல். டெல்மிசார்ட்டன் மாத்தினதும் போயிடுச்சு. ரெண்டும் ஒரே வேலைதான்னு சொன்னாங்களே?

அழுத்தத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரே வேலை, அடைக்கும் இடம்தான் வேறு. ஏ.சி.இ. நொதிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு, பிராடிகைனின் என்ற பொருளை உடைத்து அழிப்பது. ப்ரில் மாத்திரை நொதியை அடைத்ததும் பிராடிகைனின் உடையாமல் சேர்கிறது. அது ரத்தக் குழாயை விரிப்பதால் பிரஷருக்கு நல்லதுதான், ஆனால் மூச்சுக்குழாயில் கரகரப்பைக் கிளப்பிவிடும். சளியில்லாத அந்த இருமல் தொடங்கி ஒரு வாரத்திலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். இருமல் மருந்துக்கு அடங்காது. மாத்திரையை மாற்றிய பின் ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் பொதுவாக நின்றுவிடும். சார்ட்டன்கள் நொதியைத் தொடுவதில்லை, அதனால் இந்தத் தொல்லை அவற்றில் மிகக் குறைவு.

இதே பிராடிகைனின் அரிதாகச் சிலருக்கு உதடு, நாக்கு, தொண்டையை வீங்கச் செய்யும். நாக்கு தடித்துப் பேச்சு குழறினால், மூச்சு இறுகினால், மருந்துக்கடைக்கு வராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒருமுறை அப்படி வந்தவர் திரும்ப எந்த ப்ரிலையும் தொடக்கூடாது, சீட்டிலேயே பெரிதாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு இடத்துல அடைச்சா இவ்வளவு குறையுதுன்னா, ப்ரில், சார்ட்டன் ரெண்டையும் சேர்த்துப் போட்டா இன்னும் நல்லதுதானே?

மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதைச் சோதிக்க 25,620 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2008-இல் முடிவு வந்தது. ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் இரண்டும் தனித்தனியாக ஒரே அளவு பலன் தந்தன. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அழுத்தம் இன்னும் கொஞ்சம் குறைந்தாலும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. தலைசுற்றலும் சிறுநீரகக் கோளாறும்தான் கூடின. அலிஸ்கிரெனைச் சர்க்கரை நோயாளிகளுக்கு இவற்றோடு சேர்த்துப் பார்த்த ஆய்வு 2011 டிசம்பரில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

உடம்புக்கு ரத்தம் குறையும் நேரத்தில் தாக்குப்பிடிக்க இந்த வரிசை கொஞ்சமாவது ஓட வேண்டும். இரண்டு இடத்தில் அழுத்தமாக அடைத்தால் அதற்கு இடமே இல்லை. இரண்டு டாக்டர்களிடம் பார்ப்பவர்கள் கையில் ஒரு சீட்டில் ராமிப்ரிலும் இன்னொன்றில் டெல்மிசார்ட்டனும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

நீர் மாத்திரையும் அம்லோடிபினும் இந்த வரிசையிலயே இல்லையே, அப்புறம் ஏன் டெல்மிசார்ட்டனோட ஒரே மாத்திரையா வருது?

இந்த வரிசைக்கு வெளியே நின்று அழுத்தத்தைக் குறைப்பதால்தான். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதையசைடு போன்றவை உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. உடம்பில் உப்பு குறைந்தால் ரெனின் சுரக்கும் என்று பார்த்தோம். அதனால் நீர் மாத்திரை மட்டும் போட்டால் உடம்பு ரெனினை ஏற்றி, குறைந்த அழுத்தத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். கூடவே சார்ட்டன் இருந்தால் ரெனின் ஏறினாலும் பலிக்காது. பொட்டாசியத்திலும் இதே கதை: நீர் மாத்திரை குறைக்கும், சார்ட்டன் ஏற்றும், ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்துவிடும்.

அம்லோடிபின் ரத்தக் குழாய்த் தசைக்குள் கால்சியம் போகும் வழியை அடைத்துக் குழாயைத் தளர்த்துகிறது, ரெனின் பக்கமே போவதில்லை. கணுக்கால் வீக்கம் அதன் பெயர்பெற்ற தொல்லை. உள்ளே வரும் சிறு தமனிகளை மட்டும் விரித்து, வெளியேறும் பக்கத்தை அப்படியே விட்டுவிடுவதால் நீர் கசிந்து காலில் தங்குகிறது. சிறுநீரகம் கெட்டு வந்த வீக்கம் அல்ல, நீர் மாத்திரை கொடுத்தாலும் பெரிதாகக் குறையாது. சார்ட்டனோ ப்ரிலோ வெளியேறும் பக்கத்தையும் விரிப்பதால், சேர்த்துப் போடும்போது வீக்கம் குறைவாக இருக்கும்.

டெல்மிசார்ட்டன் ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல கிரியேட்டினின் ஏறிடுச்சு. கிட்னியைக் காப்பாத்தற மாத்திரைன்னாங்க, இப்போ கெடுக்குதே?

வடிகட்டியிலிருந்து வெளியே போகும் குழாயை நினைத்துப் பாருங்கள். ஆஞ்சியோடென்சின் இரண்டு உள்ளே வரும் குழாயைவிட இதைத்தான் அதிகமாக இறுக்கும். தோட்டத்துக் குழாயின் முனையை விரலால் பாதி மூடினால் உள்ளே அழுத்தம் கூடுவது போல, வடிகட்டிக்குள் அழுத்தம் உயர்ந்து வடிகட்டல் வேகமாக நடக்கும். சர்க்கரை நோயில் இந்த அதிக அழுத்தம்தான் வருடக்கணக்கில் வடிகட்டியைச் சேதப்படுத்திப் புரதத்தைக் கசிய விடுகிறது. சார்ட்டன் அந்த விரலை எடுத்துவிடுகிறது. அழுத்தம் குறைகிறது, புரதம் கசிவது குறைகிறது, வடிகட்டும் வேகமும் கொஞ்சம் குறைகிறது. வேகம் குறைந்ததால் கிரியேட்டினின் சற்று ஏறித் தெரிகிறது.

எவ்வளவு ஏறலாம்? தொடங்கும் முன் இருந்ததைவிட 30 சதவீதம் வரை ஏறி, அங்கேயே நின்றால் பொதுவாக மாத்திரையைத் தொடர்கிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐம்பத்தெட்டு வயதுக்காரர், சர்க்கரையும் உண்டு. தொடங்கும்போது கிரியேட்டினின் 1.2, பொட்டாசியம் 4.5. டெல்மிசார்ட்டன் 40 போட்டு இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.4, பொட்டாசியம் 4.9. ஏற்றம் 0.2, அதாவது சுமார் 17 சதவீதம். 1.56-ஐத் தாண்டியிருந்தால்தான் 30 சதவீதம் ஆகியிருக்கும். பொட்டாசியமும் 5-க்குள் இருக்கிறது. இவர் தொடரலாம், அடுத்த டெஸ்டில் 1.4 அப்படியே நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதே ஆளுக்கு 1.2 இரண்டு வாரத்தில் 2.2 ஆகியிருந்தால் கதை வேறு. இரண்டு சிறுநீரகத் தமனிகளும் சுருங்கியிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வெளியேறும் குழாயின் இறுக்கம்தான் வடிகட்டலைப் பிடித்து வைத்திருக்கும், அதைத் தளர்த்தினால் வடிகட்டல் சரிந்துவிடும். கோல்ட்பிளாட்டின் நாய்களுக்குக் கவ்வி போட்டது போல இவர்களுக்குக் கொழுப்புப் படிவு. டாக்டர் மாத்திரையை நிறுத்தி ஸ்கேன் எழுதுவார்.

இளநீர் தினமும் குடிக்கிறேன், உப்பும் லோ சோடியம் உப்புக்கு மாத்திட்டேன். டெல்மிசார்ட்டனோட இது நல்லதுதானே?

லோ சோடியம் உப்பு பற்றித்தான் எனக்குப் பயம். அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்து, இந்த வரிசையை அடைக்கும் மாத்திரை எதுவும் இல்லாதவர்களுக்கு அது பிரஷரைக் குறைக்க உதவும். ஆனால் ப்ரில், சார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றுமே ஆல்டோஸ்டிரோனின் வேலையைக் குறைப்பதால், பொட்டாசியம் வெளியேறும் வழி குறுகிவிடுகிறது. உள்ளே வருவது மட்டும் கூடினால் என்ன ஆகும்? மாற்றும் முன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து, டாக்டரிடம் கேளுங்கள்.

இளநீரிலும் பொட்டாசியம் நிறைய. கிரியேட்டினின் சரியாக இருப்பவர் எப்போதாவது ஒன்று குடிப்பதில் பிரச்சினை இல்லை. சிறுநீரகம் பழுதாகி ஸ்பைரோனோலாக்டோனும் போடுபவர் தினம் குடிப்பது வேறு விஷயம். பொட்டாசியம் 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், அதற்குமுன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. ரத்த டெஸ்டில்தான் தெரியும்.

மூட்டுவலிக்கு ஒரு டைக்ளோஃபினாக் போட்டுக்கலாமா? ஒரு வாரம்தான்.

கவுண்டரில் நான் அதிகம் வாதாடும் கேள்வி இது. உள்ளே வரும் குழாயை விரித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் அதன் உற்பத்தியையே நிறுத்துகின்றன. உள்ளே வரும் குழாய் சுருங்குகிறது. வெளியேறும் குழாயைச் சார்ட்டன் ஏற்கெனவே தளர்த்திவிட்டது. நீர் மாத்திரையும் இருந்தால் ரத்தத்தின் அளவே குறைவு. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டிக்குள் அழுத்தமே இருக்காது.

முன்னே சொன்ன ஐம்பத்தெட்டு வயதுக்காரரையே எடுத்துக்கொள்வோம். டெல்மிசார்ட்டனோடு குளோர்தாலிடோன் சேர்ந்திருக்கிறது. முழங்கால் வலிக்குத் தானே டைக்ளோஃபினாக் வாங்கி ஐந்து நாள் போடுகிறார், நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. சிறுநீர் குறைகிறது, அசதி, கால் கனம். டெஸ்டில் கிரியேட்டினின் 2.8, பொட்டாசியம் 6.1 என்று வந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், மருந்துகளை நிறுத்தி நீர் ஏற்றினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும், ஆனால் எல்லோருக்கும் முழுதாகத் திரும்பாது. வலிக்குப் பாராசிட்டமால் முதலில். வாந்தி பேதியில் சாப்பாடு, தண்ணீர் நிற்காதபோது சார்ட்டனையும் நீர் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எந்த நாளில் திரும்பத் தொடங்க வேண்டும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். நிறுத்திவிட்டு மறந்துபோனவர்கள் அதிகம்.

மூணு மாத்திரை போட்டும் 160-க்குக் கீழ வரல. நாலாவதா ஸ்பைரோனோலாக்டோன் எழுதினார். அது ஹார்ட் மாத்திரைதானே?

இதயம் பலவீனமானவர்களுக்கும் கொடுப்பதால் அந்தப் பெயர். முதலில் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, வீட்டில் எடுத்த அளவும் கூடுதலாகவே இருக்கிறதா, உப்பு எவ்வளவு என்று பார்த்த பிறகும் சார்ட்டன், அம்லோடிபின், நீர் மாத்திரை மூன்றும் கேட்காதபோது, நான்காவதாக எது நன்றாக வேலை செய்யும் என்று பிரிட்டனில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2015-இல் வந்த முடிவில் ஸ்பைரோனோலாக்டோன், பீட்டா தடுப்பானையும் ஆல்ஃபா தடுப்பானையும் நன்றாகவே முந்தியது. சார்ட்டன் போட்டும் பலருக்கு ஆல்டோஸ்டிரோன் முழுவதும் அடங்குவதில்லை, வேறு வழிகளிலும் சுரக்கிறது. கடைசி இடத்தில் அடைக்கும் மருந்துக்கு அது எங்கிருந்து வந்தாலும் கவலையில்லை. ஆண்களுக்கு மார்பு வலிக்கவோ பெருக்கவோ செய்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், எப்ளெரினோனுக்கு மாற்றலாம்.

சிலருக்கு அட்ரினல் சுரப்பி ரெனின் சொல்லாமலே ஆல்டோஸ்டிரோனைக் கொட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் அளந்து விகிதம் பார்ப்பார்கள். ரெனின் அடிமட்டத்தில் இருந்து ஆல்டோஸ்டிரோன் மட்டும் உயரமாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். நீங்கள் போடும் மாத்திரைகள் இந்த டெஸ்டைக் கலைக்கும்: பீட்டா தடுப்பான் ரெனினைக் குறைத்து நோய் இருப்பது போலக் காட்டும், சார்ட்டனும் நீர் மாத்திரையும் ரெனினை ஏற்றி நோயை மறைக்கும். ஸ்பைரோனோலாக்டோனைப் பொதுவாக நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். லேபுக்குப் போகும்போது மாத்திரைப் பட்டியல் இல்லாமல் போனால் அந்த ரிசல்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இருமலுக்கு அதிமதுரம் தினமும் சாப்பிடறேன். மூலிகைதானே, பிரஷருக்கு என்ன செய்யும்?

ஏற்றும். ஆல்டோஸ்டிரோன் ஒட்டும் அதே ஏற்பியில் கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் நன்றாக ஒட்டும், ரத்தத்தில் அதன் அளவோ பல மடங்கு அதிகம். ஏற்பிக்குப் பக்கத்தில் ஒரு நொதி இருந்து கார்டிசோலைச் செயலிழக்கச் செய்வதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் அந்த நொதியை அடைக்கிறது. சோடியம் தங்குகிறது, பொட்டாசியம் போகிறது, பிரஷர் ஏறுகிறது. அப்போது டெஸ்ட் எடுத்தால் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டுமே குறைவாக இருக்கும். காரணம் புரியாமல் டாக்டரும் குழம்புவார். எப்போதோ ஒரு சிட்டிகை வேறு, வாரக்கணக்கில் தினமும் கஷாயமாகக் குடிப்பது வேறு. ராமிப்ரிலால் வந்த இருமலுக்கு அதிமதுரம் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நான்காவது கேள்வியைப் படித்துவிட்டு டாக்டரிடம் போகட்டும்.

பொண்ணுக்கு முப்பது வயசு, டெல்மிசார்ட்டன் போடறா. இப்போ குழந்தைக்குப் பார்க்கறாங்க. மாத்திரையைத் தொடரலாமா?

கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகம் வளர்வதற்கே இந்த வரிசை தேவை. நான்காம் மாதத்திலிருந்து குழந்தையின் சிறுநீர்தான் பனிக்குட நீரில் பெரும்பகுதி. ப்ரில், சார்ட்டன், அலிஸ்கிரென் எதைப் போட்டாலும் அந்தச் சிறுநீர் குறைந்து, பனிக்குட நீர் வற்றி, நுரையீரல் வளர்ச்சியும் தடைப்படலாம். லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவை கர்ப்ப காலத்தில் நெடுநாளாகப் பயன்பாட்டில் உள்ளவை. தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கும்போது நாள் தள்ளிப்போனால், பயந்து எல்லா மாத்திரையையும் தானாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டாம். அன்றே டாக்டரைப் பார்த்தால் அவர் அங்கேயே மாற்றி எழுதிக் கொடுப்பார்.